நாலாவது வட்டத்தில் தேதி இல்லை

அக்கா, மகள் மேலே படிக்கட்டுமா, வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவள் கல்லூரி முகாமில் போட்டு வந்த இக்கிகாய் படத்தைப் பார்த்தேன். வாழ்க்கைக்குப் பிடிப்புத் தருவது என்று பொருள்படும் ஜப்பானியச் சொல் அது. பிடித்தது, கைவந்தது, ஊருக்குத் தேவையானது, காசு தருவது என்று நாலு வட்டம். நடுவில் 'பவளப்பாறை விஞ்ஞானி' என்று எழுதியிருக்கிறாள். அப்பா வலையில் வந்த மீனைச் சின்ன வயதிலேயே பெயர் சொல்லிப் பிரித்த பிள்ளை. முதல் மூன்று வட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நாலாவதுதான் இடிக்கிறது. காசு கிடைக்குமா என்று அது கேட்கிறது. எப்போது என்று கேட்பதில்லை. எம்.எஸ்சி. இரண்டு வருடம். அப்புறம் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி, பிஎச்.டி.க்கு இடமும் கிடைத்தால் மாதம் 37,000. பலருக்கு அது முதல் முறையிலேயே அமைவதில்லை. மண்டபம் ஊரில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இதுபோன்ற இடங்களில் புதிதாக வருபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் திட்டம் முடியும்வரையான வேலைதான்.

சரி, நீங்கள் சொன்ன கணக்கைப் போடுவோம். படகில் உங்கள் வீட்டு அண்ணனுக்கு வரும் பங்கு மாதம் சராசரியாக 22,000. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆக வருடத்துக்குப் பத்து மாத வரவு, 2,20,000. மாதச் செலவு 18,000, கடன் தவணை 4,000. இது பன்னிரண்டு மாதமும் உண்டு: 2,64,000. துண்டு விழுவது 44,000, மாதம் சுமார் 3,700. தடைக்கால நிவாரணத்தையும் உங்கள் கடல்பாசிக் காசையும் நான் சேர்க்கவில்லை. அது ஆஸ்பத்திரிக்கும் விசேஷத்துக்குமே போய்விடும்.

மகள் வீட்டுக்குத் தர வேண்டியது இந்த 3,700தான். சென்னையில் 15,000 சம்பளம் என்றால் விடுதி, சாப்பாட்டுக்கு 8,500, பஸ், போனுக்கு 2,000 போக மிஞ்சுவது 4,500. ராமநாதபுரம் பக்கம் ஒரு ஆய்வகத்தில் 9,000 கிடைத்தாலும் பஸ், டீ 1,500 போக 7,500 கையில் நிற்கும். ஊர்க்காரர்கள் முதல் சம்பளத்தை மட்டும்தான் கேட்பார்கள், விடுங்கள்.

கடன் இன்னும் 18 மாதம் என்றீர்கள். அது முடிந்தால் வருடச் செலவு 2,16,000. அண்ணன் வரவே போதும், துண்டு இல்லை. அதனால் இரண்டு வருடம் இங்கே வேலை, வீட்டுக்கு 3,700 போக மிஞ்சும் மாதம் 3,800 தனியாகச் சேமிப்பு, அப்புறம் எம்.எஸ்சி. சேர்க்கை. கையில் 90,000 இருக்கும். நாலாவது வட்டத்தில் அந்த வருடத்தை எழுதச் சொல்லுங்கள்.

அதுவரை இக்கிகாய் போச்சே என்று அவள் வாடினால் ஒன்று சொல்லுங்கள். ஜப்பானில் அந்தச் சொல்லுக்கும் சம்பளத்துக்கும் முடிச்சு கிடையாது. தோட்டம் போடுவதும் பேரனோடு விளையாடுவதும்கூட இக்கிகாய்தான். நோக்கம் பற்றிய ஒரு நாலு வட்டப் படத்தில் 2014இல் மார்க் வின் என்பவர் இந்தப் பெயரை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை கரையில் எந்த மீன் எப்போது வருகிறது என்று அவள் நோட்டில் குறிப்பதை எந்த வேலையும் தடுக்காது.

என் கணக்கு கவிழும் இடம் ஒன்றுதான், கடன். வரும்போது கடன் சீட்டை எடுத்து வாருங்கள். 18 மாதம் என்பது வட்டியும் சேர்த்தா, அசல் மட்டுமா என்று பார்த்துவிடலாம்.