ஏப்ரல் 1 விலைக்கு மே 27-ல் வந்த லாபத்தைப் பொருத்தினால்

கேள்வி: மண்டபத்தில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பங்குகளை வடிகட்டிக் காட்டும் ஒரு ஸ்கிரீனர் தளத்திலிருந்து பத்து வருடக் கணக்கை எக்செலில் இறக்கினேன். ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும், மார்ச்சில் முடிந்த வருடத்தின் லாபப்படி பி.இ., அதாவது விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த எண், 10-க்குக் கீழே இருக்கும் பங்குகளை வாங்கி, அடுத்த ஏப்ரலில் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தேன். வருடத்துக்கு 34 சதவீதம் வருகிறது. போன இரண்டு வருடம் நிஜமாகவே ஏப்ரல் 1-ல் வாங்கினேன், அதில் பாதிகூட வரவில்லை. எங்கே தப்பு? இந்த வருடம் 3 லட்சம் போடலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஐயா, பங்குகளைத் தேர்ந்தெடுத்த விதியில் பெரிய தப்பு இல்லை. தேதியில்தான் தப்பு. மார்ச் 31-ல் முடிந்த வருடத்தின் லாபம் ஏப்ரல் 1-ம் தேதி காலையில் உங்களுக்கு மட்டுமல்ல, ஊரில் யாருக்கும் தெரியாது. கம்பெனியின் கணக்காளரே அப்போதுதான் கணக்கை முடிக்க உட்கார்ந்திருப்பார். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி பட்டியலிட்ட கம்பெனிகள் ஆண்டு முடிவுகளை வெளியிட 60 நாள் அவகாசம் உண்டு, அதாவது மே 30 வரை. மற்ற மூன்று காலாண்டுகளுக்கு 45 நாள். பெரிய ஐ.டி. கம்பெனிகள் ஏப்ரல் நடுவிலேயே சொல்லிவிடும். நீங்கள் தேடுகிற பி.இ. 10-க்குக் கீழான சிறு கம்பெனிகளில் நிறைய பேர் மே கடைசி வாரம் வரை இழுப்பார்கள்.

ஆனால் உங்கள் எக்செல் தாளில் 'மார்ச் 2022' என்ற தலைப்பின் கீழ் லாபம் இருக்கிறது, பக்கத்தில் ஏப்ரல் 1, 2022 விலை இருக்கிறது. இரண்டையும் வகுத்துவிட்டீர்கள். நாளைக் காலை ஏலத்தில் இறால் என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்துகொண்டு, இன்று ராத்திரியே பிடித்து வைப்பது போன்ற வியாபாரம் அது. கணக்கில் லாபம் கொட்டத்தான் செய்யும்.

ஒரு கம்பெனியை எடுத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 2021-22-ல் முதல் மூன்று காலாண்டிலும் சேர்த்து ஒரு பங்குக்கு 10 ரூபாய் லாபம். கடைசிக் காலாண்டில் மட்டும் எதிர்பாராமல் 15 ரூபாய். ஆக வருடத்துக்கு 25. அதற்கு முந்தைய வருடத்தின் கடைசிக் காலாண்டில் 2 ரூபாய்தான். ஏப்ரல் 1, 2022 அன்று விலை 150.

உங்கள் தாள் 150-ஐ 25-ஆல் வகுத்து, பி.இ. 6 என்று சொல்லும். பங்கு பட்டியலில் ஏறிவிடும். அன்று காலையில் உண்மையில் வெளியே தெரிந்தது என்ன? டிசம்பர் காலாண்டு வரைக்கும்தான், அதுவும் பிப்ரவரி 14-க்குள் வந்தது. அப்போது தெரிந்த கடைசி நான்கு காலாண்டு லாபம் 10-ம் 2-ம் சேர்த்து 12. 150-ஐ 12-ஆல் வகுத்தால் 12.5. உங்கள் விதிப்படி இந்தப் பங்கைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

முடிவு வந்தது மே 27, வெள்ளிக்கிழமை மாலை, சந்தை மூடிய பிறகு என்று வையுங்கள். திங்கட்கிழமை திறக்கும்போதே விலை 200-ஐத் தாண்டும், ஜூன் 1-ல் 215. இப்போது பி.இ. 8.6. விதிக்குள் வருகிறது, வாங்கலாம். அடுத்த ஏப்ரலில் விலை 240 என்றால், உங்கள் தாள் 150-க்கு வாங்கியதாக நினைத்து 60 சதவீத லாபம் எழுதும். கையில் வந்திருக்கக்கூடியது 215-லிருந்து 240, கிட்டத்தட்ட 12 சதவீதம். மீதி எல்லாம் முடிவு வெளியானதும் விலை துள்ளிய துள்ளல். அதை நீங்கள் பிடித்திருக்கவே முடியாது.

இது எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசிக் காலாண்டில் திடீர் நஷ்டம் கண்ட கம்பெனியை உங்கள் தாள் ஏப்ரல் 1-லேயே ஒதுக்கிவிட்டது. நிஜத்தில் டிசம்பர் வரைக்கும் நல்ல லாபம் காட்டியதால் நீங்கள் அதை வாங்கியிருப்பீர்கள், மே மாதம் அடி விழுந்திருக்கும். போன இரண்டு வருடம் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏப்ரல் 1-ல் நிஜமாக உட்கார்ந்தபோது ஸ்கிரீனர் உங்களுக்குக் காட்டியது பழைய லாபம். பத்து வருடக் கணக்கு போட்டபோது அது காட்டியது புது லாபம். பார்க்க ஒரே விதி, உள்ளே இரண்டு வேறு விதிகள்.

உங்கள் தாளில் இந்தக் கசிவு எவ்வளவு என்று நீங்களே பார்த்துவிடலாம். வேறு எதையும் மாற்றாமல், வாங்கும் தேதியை மட்டும் ஏப்ரல் 1-லிருந்து ஜூன் 1-க்கும், விற்கும் தேதியை அடுத்த ஜூன் 1-க்கும் நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். 34 சதவீதம் சற்றே குறைந்தால் விதியில் சரக்கு இருக்கிறது. சரிந்து விழுந்தால், இதுவரை வந்த லாபத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதத்துக்குள்தான் இருந்தது என்று அர்த்தம். 2020-க்கும் 2021-க்கும் மட்டும் ஜூன் 1 போதாது. கொரோனா காரணமாக 2020 மார்ச் முடிவுகளுக்கு ஜூலை 31 வரையும், 2021 மார்ச் முடிவுகளுக்கு ஜூன் 30 வரையும் செபி அவகாசம் நீட்டியது. 2020-க்கு ஆகஸ்ட் முதல் வாரத்தையும், 2021-க்கு ஜூலை முதல் வாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியை இப்படி மொத்தமாகத் தள்ளுவது எளிய வழி. ஏப்ரலிலேயே முடிவு சொன்ன கம்பெனிகளையும் ஜூன் வரை காக்க வைக்கிறோம் என்பது அதன் குறை. ஆனாலும் கணக்கு பொய் சொல்லாது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு தேதி வேண்டும்: எந்தக் காலத்துக்கான எண், அது எப்போது வெளியே வந்தது. இப்படி வைத்த விவரத்தைத்தான் பாயிண்ட் இன் டைம் டேட்டா என்கிறார்கள். பணம் கட்டினால் கிடைக்கும். முப்பது நாற்பது கம்பெனிதான் உங்கள் வட்டம் என்றால் நீங்களே சேர்க்கலாம். பி.எஸ்.இ. தளத்தில் ஒவ்வொரு கம்பெனியின் அறிவிப்புக்கும் கீழே `Exchange Disseminated Time` என்று நொடி வரைக்கும் இருக்கும். அந்தத் தேதியையும் நேரத்தையும் அப்படியே எடுத்து எழுதுங்கள்.

தாளில் A-யில் கம்பெனி, B-யில் காலாண்டு முடிந்த தேதி, C-யில் வெளியான தேதியும் நேரமும், D-யில் அன்றைக்குக் கூட்ட முடிந்த கடைசி நான்கு காலாண்டு லாபம். G2-வில் கம்பெனி பெயர், H2-வில் நீங்கள் முடிவெடுக்கும் தேதி. பிறகு I2, J2, K2-வில் வரிசையாக:

```
=MAXIFS(B:B, A:A, G2, C:C, "<"&H2)
=MAXIFS(C:C, A:A, G2, B:B, I2, C:C, "<"&H2)
=SUMIFS(D:D, A:A, G2, B:B, I2, C:C, J2)
```

முதல் வரி, அந்தத் தேதிக்கு முன் வெளியானவற்றில் கடைசிக் காலாண்டு எது என்று சொல்லும். இரண்டாவது, அந்தக் காலாண்டுக்கு அதுவரை வந்த கடைசித் திருத்தம் எப்போது வந்தது என்று சொல்லும். மூன்றாவது, அந்த எண்ணை எடுத்துத் தரும். H2-வில் தேதி மட்டும் இருந்தால் எக்செல் அதை அன்றைய நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொள்ளும். அதனால் அதே நாள் மாலை வந்த முடிவு உள்ளே நுழையாது.

இரண்டாவது வரியில் திருத்தம் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. வெளியான எண் பிறகு மாறும். ஒரே குழுமத்துக்குள் இரண்டு கம்பெனிகள் இணைந்தால், இண்ட் ஏஎஸ் 103 கணக்குத் தரப்படி பழைய வருடக் கணக்கையும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்திருந்தது போல மாற்றிக் காட்ட வேண்டும். பல தளங்கள் பழைய எண்ணின் மேல் புது எண்ணை எழுதிவிடும், நமக்குச் சத்தமே கேட்காது.

இதில் எவ்வளவு ஆபத்து என்பதற்குச் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற ஐ.டி. கம்பெனியின் கதை போதும். 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். திருத்திய கணக்கு 2010 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. அந்தத் திருத்திய எண்களை 2008-க்குள் போட்டு ஓட்டினால், உங்கள் ஸ்கிரீன் சத்யத்தை 2008-லேயே சாமர்த்தியமாகத் தவிர்த்ததாகக் காட்டும். அன்றைக்கு அந்த எண்களைப் பார்த்த யாருக்கும் அந்தச் சாமர்த்தியம் சாத்தியமில்லை. ஆகவே திருத்தம் வந்தால் பழைய வரியை அழிக்காதீர்கள். கீழே புது வரி சேர்த்து, திருத்தம் வந்த தேதியை C-யில் போடுங்கள். ஸ்கிரீனர் எண் மாறியிருக்கிறதா என்று சந்தேகமா? கம்பெனி அந்த வருடம் பங்குச்சந்தைக்கு அனுப்பிய பி.டி.எஃப்-ஐத் திறந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பின்னால் கடன் விகிதத்தையும் விதியில் சேர்க்க நினைத்தால் ஒன்று நினைவிருக்கட்டும். இருப்புநிலைக் குறிப்பை கம்பெனிகள் அரையாண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயம் வெளியிட வேண்டும். பிப்ரவரியில் டிசம்பர் லாபம் உங்களுக்குத் தெரியும், ஆனால் கடன் செப்டம்பர் 30-ல் இருந்ததுதான் தெரியும். லாபத்துக்கும் கடனுக்கும் தனித்தனி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடத்தில் பட்டியலிலிருந்தே காணாமல் போன கம்பெனிகள் உங்கள் தாளில் இருக்காது. இன்றைக்கு இருப்பவற்றை வைத்து இறக்கியதால் அவை விழுந்துவிட்டன. இதனாலும் 34 கொஞ்சம் ஊதியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து அதைச் சரிசெய்வது கஷ்டம். வருகிற எண்ணைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி 3 லட்சம். ஏப்ரலில் போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி இன்ஜினை இறக்கிப் பார்ப்பது அப்போதுதான், உங்கள் கடையில் சரக்குக்குப் பணம் தேவைப்படுவதும் அப்போதுதான். அதுவரை இந்தத் தொகை லிக்விட் ஃபண்டிலோ வங்கியிலோ இருக்கட்டும். மே 30 தாண்டியதும், ஜூன் முதல் வாரத்தில் அந்த வருட எண்களோடு விதியை ஓட்டுங்கள். அதற்கு முன்னால் பழைய பத்து வருடத்தையும் ஜூன் தேதியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதில் வருவது சாதாரண நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு அதே காலத்தில் தந்ததைவிட வருடத்துக்கு மூன்று நான்கு சதவீதமாவது கூட இல்லையென்றால், இத்தனை உழைப்புக்கும் தரகுக்கும் வரிக்கும் அது கட்டாது. இண்டெக்ஸ் ஃபண்டிலேயே போட்டுவிடுங்கள். கூட இருந்தால், முதல் வருடம் 1 லட்சம் மட்டும் இந்த விதிக்கு, மீதி 2 லட்சம் ஃபண்டுக்கு. ஜூன் கணக்கு முடிந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், C வரிசையில் வெளியான தேதிகளோடு.