பவுச் கொட்டேஷனில் இருக்கும் மூன்று வரிகள்

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே நேந்திரங்காய் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் போட்டு விற்கிறேன். மாதம் சிப்ஸ் 2,000 பாக்கெட், வரட்டி 1,000 பாக்கெட் போகிறது. அச்சடித்த பவுச்சுக்குக் கோயம்புத்தூரில் விலை கேட்டேன். குறைந்தபட்ச ஆர்டர் 10,000 என்று போட்டிருக்கிறார்கள். 10,000 முதல் 24,999 வரை ஒன்று 3 ரூபாய் 40 காசு, 25,000-க்கு மேல் 3 ரூபாய். விலை 15 நாள்தான் செல்லுமாம். நகையை வைத்தாவது 25,000 எடுத்துவிடலாமா? ஜி.எஸ்.டி. பதிவு இல்லை.

பதில்: இந்த முறை வேண்டாம் அம்மா. சிப்ஸுக்கு மட்டும் 10,000 அடியுங்கள். வரட்டிக்கு இப்போதைக்கு அச்சுப் பவுச்சே வேண்டாம்.

முதலில் அந்த 10,000 எதற்கு என்று பார்ப்போம். அது பெரும்பாலும் ஒரு டிசைனுக்கான கணக்கு, மொத்த ஆர்டருக்கானது அல்ல. பவுச் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் டிசைன் செதுக்கிய ஓர் உலோக உருளை, அதாவது சிலிண்டர், உண்டு. அவற்றை மெஷினில் ஏற்றி, நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓட்டும் ஃபிலிம் முழுவதும் கழிவுதான். 2,000 பவுச் அடித்தாலும் 20,000 அடித்தாலும் அந்தக் கழிவு ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் குறைந்த எண்ணிக்கைக்கு அவர்கள் இறங்குவதில்லை. சிப்ஸ் 5,000, வரட்டி 5,000 என்று நீங்கள் பிரித்துக் கேட்டால் இரண்டுக்கும் தனித்தனியாக 10,000 என்றுதான் சொல்வார்கள். சிலிண்டர் செலவும் டிசைனுக்கு டிசைன் தனி. வரட்டிக்கு 10,000 பவுச் என்றால் உங்களுக்குப் பத்து மாதச் சரக்கு. அதற்குப் பதிலாகச் சாதாரணப் பிளெயின் பவுச் வாங்கி, பெயர், சேர்மானம், எடை, உரிம எண் எல்லாம் அடங்கிய முழு லேபிளை ஒட்டி விற்கலாம். பவுச் கடைகளில் அதைச் சில நூறு எண்ணிக்கையில்கூடக் கொடுப்பார்கள்.

இனி 25,000. அந்த 3 ரூபாய் எல்லாப் பவுச்சுக்குமா, 25,000-க்கு மேற்பட்டவற்றுக்கு மட்டுமா? பட்டியலில் இது எழுதியிருக்காது, ஆனால் வித்தியாசம் பெரியது. எல்லாவற்றுக்கும் என்றால் 25,000-க்கு 75,000 ரூபாய். மேற்பட்டவற்றுக்கு மட்டும் என்றால் முதல் 24,999 பவுச்சும் பழைய 3.40-லேயே நிற்கும். பில் 84,999 ரூபாய் 60 காசு வரும், உங்களுக்கு மிச்சம் நாற்பதே காசு! "ஸ்லாப் எப்படி?" என்று கேட்டால் தெளிவாகப் பதில் வராது. "25,000 எடுத்தால் வரிக்கு முன் மொத்த பில் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒரே எண்ணில் விஷயம் தெரிந்துவிடும்.

முழுவதற்கும் 3 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 23,000 பவுச் கேட்பவர் 78,200 கட்டுவார், 25,000 கேட்பவர் 75,000 கட்டுவார். 22,100-ஓ அதற்கு மேலோ உண்மையிலேயே தேவை என்றால் 25,000-க்குப் போய்விடுவதுதான் சரி. உங்கள் தேவை அங்கே இல்லை. சிப்ஸ் மாதம் 2,000 என்றால் 25,000 பவுச் பன்னிரண்டரை மாதம் வரும். இதே எண்ணிக்கையைப் பத்தாயிரம் பத்தாயிரமாக 3.40-க்கு வாங்கினால் 85,000. ஆக லாபம் 10,000. நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி என்று வைத்தால், கூடுதலாக முடங்கும் பணத்துக்கு ஏறக்குறைய 2,500 வட்டி போகும். 7,500 மிஞ்சுகிறது. வட்டி இதைக் கெடுக்கவில்லை, அதனால்தான் பலரும் துணிந்து எடுத்துவிடுகிறார்கள்.

கெடுப்பது மீந்துபோகும் பவுச். 7,500-ஐ 3.40-ஆல் வகுத்தால் 2,200 வரும். 25,000-த்தில் 2,200 பவுச் வீணானால் முழு லாபமும் போயிற்று. அது உங்கள் ஒரு மாத விற்பனைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நான் கணக்குப் பார்க்கும் ஒரு பலகாரக் கடையின் பின்கட்டில் பழைய போன் நம்பர் அச்சான பவுச் கட்டுகள் இன்னும் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. கடைக்காரர் நம்பரை மாற்றியதும் அத்தனையும் பயனற்றுப் போயின. அவரும் ஸ்லாப் விலைக்காகத்தான் கூடுதலாக எடுத்தார். தொழில் தொடங்கிய முதல் வருடத்தில் முகவரி மாறும், எடை 200 கிராமிலிருந்து 150 ஆகும், உரிமத்தின் தரம் உயர்ந்து எண் மாறும். இன்னொன்றும் யோசியுங்கள்: அந்த 2,000 என்ற கணக்கு ஓணத்தை ஒட்டிய மாதங்களில் எடுத்ததா? அப்படியானால் மற்ற மாதங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்த பிறகே நம்புங்கள்.

வரியையும் மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் பவுச்சுக்கு 18 சதவீதம். பதிவு இல்லாததால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, அது உங்கள் செலவு. 10,000 பவுச் 34,000 இல்லை, 40,120. 25,000 என்றால் 88,500. மாநிலம் தாண்டி 50,000-க்கு மேல் மதிப்புள்ள சரக்கு எல்லையிலுள்ள வேலந்தாவளம் வழியாக வந்தால் இ-வே பில்லும் தேவை. வண்டி வாடகை விலையில் அடங்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, 15 நாள். பவுச்சின் ஃபிலிம் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதன் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் அவர்கள் நீண்ட நாளுக்கு விலை கட்ட மாட்டார்கள், அது நியாயமே. நீங்கள் கவனிக்க வேண்டியது, 15 நாளுக்குள் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதுதான். ஆர்டர் கொடுத்தால் போதுமா, முன்பணம் ஏற வேண்டுமா, சரக்கே கிளம்பியிருக்க வேண்டுமா? டிசைனை நீங்கள் ஒப்புக்கொண்டு, சிலிண்டர் வெட்டி, அச்சடித்து, ஒட்டி வெளியே வருவதற்குள் 15 நாள் தாண்டிவிடும். பட்டியலின் அடியில் "சரக்கு அனுப்பும் நாள் விலையே செல்லும்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், மேலே சொன்ன 15 நாளுக்கு அர்த்தமே இல்லை. இடையில் 20 காசு ஏறினால் 2,000 ரூபாய் கூடக் கேட்பார்கள், நீங்கள் மறுக்க முடியாது.

கூடவே, அச்சுப் பவுச்சில் பத்து சதவீதம் கூடவோ குறையவோ வருவது வழக்கம். 10,000 கேட்டால் 11,000 வந்து, வரிக்கு முன்பே 37,400-க்கு பில் வரலாம். கையில் அந்தப் பணமும் இருக்க வேண்டும். பின்னாளில் நீங்கள் 25,000 கேட்டு 23,500 வந்தால் எந்த விலை போடுவார்கள் என்பதும் இங்கேதான் முடிவாகும்.

போனில் பேசி முடிக்காமல் ஆர்டரை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ இப்படி எழுதி, முன்பணம் போடும் முன் அவர்களிடம் 'சரி' என்று பதில் வாங்குங்கள்: "சிப்ஸ் பவுச், ஒரு டிசைன், 10,000. விலை 3.40, வரி தனி. 15 நாளுக்குள் ஆர்டரும் முன்பணமும் தந்தால் சரக்கு எப்போது வந்தாலும் இதே விலை. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் ஆர்டர் செய்த ஸ்லாப் விலையே. சிலிண்டர் என்னுடையது, கேட்டால் தர வேண்டும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் உங்களுடையது என்று எழுத்தில் இருந்தால்தான், அடுத்த முறை விலை ஒத்துவராதபோது அதை எடுத்துக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போக முடியும்.