நோட்டீஸ் காலத்தின் மிச்ச நாட்களுக்குக் கட்ட வேண்டிய தொகை

«60 நாள் நோட்டீஸில் 20 நாள் வேலை செய்துவிட்டேன். மிச்சத்துக்கு 160,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள். என் அடிப்படைச் சம்பளம் 90,000, கொடுப்பனவுகள் 30,000. இது சரியா?»

உங்கள் நியமனக் கடிதத்தின் நோட்டீஸ் பற்றிய வாசகத்தில் «அடிப்படைச் சம்பளம்» என்று எழுதியிருந்தால், கட்ட வேண்டியது 120,000 ரூபா மட்டுமே. 90,000ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 3,000. அதை மிச்சமுள்ள 40 நாட்களால் பெருக்குங்கள்.

அவர்கள் கொடுப்பனவுகளையும் சேர்த்து, 120,000ஐ 30ஆல் வகுத்து, நாளுக்கு 4,000 என்று போட்டிருக்கிறார்கள் போலும். 160,000 அப்படித்தான் வருகிறது. கடிதத்தில் «மொத்தச் சம்பளம்» என்றிருந்தால் அவர்களின் கணக்கே சரி. வெறுமனே «சம்பளம்» என்றிருந்தால்தான் சிக்கல்: அதற்கு இரு பக்கமும் வெவ்வேறு பொருள் சொல்லலாம். ஆகவே கணக்கு விபரத்தை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிட வேண்டாம்.

நாட்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பதவி விலகல் கடிதத்தில் நீங்கள் இட்ட திகதியை விட்டு, அது அவர்கள் கைக்குக் கிடைத்த திகதியிலிருந்து எண்ணுவதே பெரும்பாலும் நடக்கிறது. மூன்று நாள் பிந்திக் கொடுத்திருந்தால் உங்கள் தொகையில் 9,000 ரூபா கூடிவிடும். பாவிக்காத வருடாந்த விடுமுறையை இந்த நாட்களில் கழிக்கலாமா என்பதையும் மனிதவளப் பிரிவுக்கு எழுதும் அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் சம்மதித்தால் நாளுக்கு 3,000 மிச்சம்.

ஆனால், நியமனக் கடிதத்தின் அந்த நோட்டீஸ் வாசகத்தில் «நிறுவனத்தின் சம்மதத்துடன்» என்ற சொற்கள் இருந்தால், பணத்தைக் கட்டினாலும் நீங்களாக நாளைக்கே விலகிவிட முடியாது. விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும் வரை புதிய வேலையில் சேரும் திகதியை உறுதிசெய்யாதீர்கள்.