திபெத்தின் வேர் 28 கி.மீ., மேலோடு 70 கி.மீ.?

“திபெத் 5 கி.மீ. உயரம். கணக்குப் போட்டால் வேர் 28 கி.மீ.தான் வருகிறது. புத்தகத்தில் 70 என்று இருக்கிறது. எங்கே தப்பு?”

உங்கள் கணக்கு சரிதான். 70 என்பது மேலோட்டின் மொத்தத் தடிமன். வேர் என்பது, கடல்மட்ட அளவில் இருக்கும் சாதாரண நிலத்தின் மேலோட்டுக்குக் கீழே கூடுதலாக இறங்கியிருக்கும் பகுதி மட்டும். அந்தச் சாதாரண மேலோடு சுமார் 35 கி.மீ. அதோடு மேலே 5, கீழே 28 சேர்த்தால் 68. நிலநடுக்க அலைகள் காட்டுவதும் ஏறக்குறைய அதுதான்.

28 ஏன் என்று எடை போட்டுப் பாருங்கள். மேலோடு, அதற்குக் கீழே இருக்கும் கனமான பாறை அடுக்கான கவசத்தின் மேல் மிதப்பதுபோல நிற்கிறது. மேலோட்டின் அடர்த்தி 2.8, கவசத்தின் அடர்த்தி 3.3. வேர் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் கனமான கவசப் பாறை விலகி, 0.5 எடை குறைகிறது. மேலே ஏறிய சுமை 5 × 2.8 = 14. அதை ஈடுகட்ட 28 கி.மீ. வேண்டும். கவசம் திடப்பாறைதான், ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல வழிந்து இடம் கொடுக்கும்.

அப்புறம் ஒன்று: மேலோட்டுக்கு 2.7 என்று வைத்தால் வேர் 22.5 ஆகிவிடும். அதனால் தசமத்தை ரொம்ப நம்பாதீர்கள். எவரெஸ்டுக்குத் தனியாகவும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஒற்றைச் சிகரத்தை விறைப்பான பாறைத்தட்டே தாங்கிக்கொள்ளும்.