நிறுத்தினால் போனஸ் வருவது ஏன்?

கேள்வி: ஒன்றரை வருடமாக ஒரே பந்தயத் தளத்தில் ஆடுகிறேன், பெரும்பாலும் ஸ்லாட். நாலைந்து நாள் எட்டிப் பார்க்காவிட்டால் போனஸ் வருகிறது. பெரிதாகத் தோற்றால் மறுநாளே 'கேஷ்பேக்'. இப்போது 'உங்கள் விஐபி மேனேஜர்' என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். அதே தளத்தில் ஆடும் நண்பனுக்கு இதில் எதுவும் வருவதில்லை. என்னைப் பற்றி என்னதான் வைத்திருக்கிறார்கள்? இந்தச் சலுகைகளை வாங்கிக்கொள்வது லாபமா? வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது?

பதில்: முதலில் நண்பரின் கணக்கையும் உங்கள் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பணம் எந்த நாட்டினுடையதாகவும் இருக்கட்டும், எண் மட்டும் போதும்.

வாரத்துக்கு 5,000 டெபாசிட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் போகும், கொஞ்சம் வரும். வந்ததையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப வைப்பதால் அந்த 5,000 வாரக் கடைசியில் மொத்தம் 50,000 அளவுக்குப் பந்தயம் ஆகியிருக்கும். ஆடுபவர் டெபாசிட்டைக் கணக்கு வைக்கிறார், தளம் இந்த 50,000-ஐக் கணக்கு வைக்கிறது. ஸ்லாட் 96 விழுக்காடு திருப்பித் தரும் வகை என்றால் மீதி 4 விழுக்காடு தளத்துக்கு. 50,000-க்கு 2,000. உங்கள் 'எதிர்பார்ப்பு நஷ்டம்' இதுதான். அந்த வாரம் நீங்கள் உண்மையில் ஜெயித்திருந்தாலும் இந்த எண் மாறாது. அதிர்ஷ்டம் ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம் சாயும்; போதுமான வாரங்கள் ஓடினால் சராசரி 2,000-ஐ நெருங்கிவிடும் என்று தளத்துக்குத் தெரியும்.

போனஸுக்கு ஒதுக்கும் பணம் இந்த எண்ணிலிருந்து பிரியும் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்குவதாக வைத்தால் உங்களுக்கு வாரம் 400 செலவழிக்கலாம். நண்பர் வாரத்துக்கு மொத்தமே 2,000 பந்தயம் வைப்பவராக இருந்தால் அவருடைய எதிர்பார்ப்பு நஷ்டம் 80, அதில் ஐந்தில் ஒன்று 16. பதினாறுக்கு யாரும் மேனேஜர் வைக்கமாட்டார்கள். பிரிட்டன் பிரபுக்கள் சபையின் குழு 2020 ஜூலையில் தந்த அறிக்கை, சூதாட்டத் தொழிலின் லாபத்தில் 60 விழுக்காடு 5 விழுக்காட்டினரிடமிருந்து வருவதாகச் சொன்னது. அந்த 5 விழுக்காட்டினர் ஏற்கெனவே சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியவர்கள், அல்லது சிக்கும் நிலையில் இருப்பவர்கள்.

அடுத்தது, போனஸ் வரும் நேரம். நீங்கள் உள்ளே நுழைவது, எந்த விளையாட்டு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு, இருப்பு எப்போது காலியானது, டெபாசிட் பொத்தானை எத்தனை முறை அழுத்தினீர்கள், பணத்தை எடுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு ரத்து செய்தீர்களா என்று ஒவ்வொன்றும் நொடிக்கணக்கோடு பதிவாகிறது. அதிலிருந்து உங்களுக்கே உரிய ஒரு இடைவெளி கிடைக்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு முறை வருபவர் ஐந்து நாள் வரவில்லை என்றால் 'நழுவுகிறவர்' பட்டியலில் விழுவார். செய்தி தானாகப் போகும். மாதம் ஒரு முறை வருபவர் ஐந்து நாள் காணாமல் போனால் யாரும் கவலைப்படமாட்டார்கள். அதனால்தான் உங்கள் போனஸ் நாலைந்து நாளில் வருகிறது.

கேஷ்பேக்கும் இப்படித்தான். நஷ்டம் ஒரு வரம்பைத் தாண்டி, இருப்பும் தரைதட்டியதும் கிளம்பும்படி வைத்த விதி அது. பெயரில்தான் கேஷ், பெரும்பாலும் எடுக்க முடியாத போனஸ் இருப்பாகவே வரும். இன்னொரு கண்ணி, பணத்தை எடுக்கக் கேட்டபின் வரும் காத்திருப்பு நேரம். அந்த இடைவெளியில் 'ரத்து செய்து தொடர்ந்து ஆடுங்கள்' என்ற பொத்தான் காத்திருக்கும். இந்த வசதிக்கு பிரிட்டன் 2021 அக்டோபர் 31 முதல் தடை போட்டது. வேறு இடங்களில் இன்னும் பார்க்கலாம்.

தளத்துக்கு வெளியே நடப்பதும் உண்டு. பக்கத்தில் பொதிந்திருக்கும் 'பிக்சல்' என்ற சின்ன நிரல் துண்டு, நீங்கள் எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள், எதை அழுத்தினீர்கள் என்பதை விளம்பர நிறுவனத்துக்குச் சொல்கிறது. தளம் தன் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைக் குறியீடாக மாற்றிச் சமூக ஊடக நிறுவனத்திடம் ஏற்றினால், பட்டியலில் உள்ளவர்களுக்கும், அவர்களை ஒத்த புதியவர்களுக்கும் விளம்பரம் காட்ட முடியும். ஒப்புதல் வாங்கித்தான் செய்கிறார்களா என்றால், 2024 செப்டம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் ஸ்கை பெட்டிங் அண்ட் கேமிங் நிறுவனத்தைக் கண்டித்தது. 2023 ஜனவரி 10 முதல் மார்ச் 3 வரை, ஆட்கள் குக்கியை ஏற்கவோ மறுக்கவோ செய்வதற்கு முன்பே அவர்கள் தகவல் விளம்பர நிறுவனங்களுக்குப் போனது என்பதே குற்றம். அதாவது 'மறுக்கிறேன்' என்று அழுத்துவதற்குள் தகவல் கிளம்பியிருந்தது.

இனி லாபமா என்ற கேள்வி. 500 போனஸ், அதை எடுக்க 40 மடங்கு ஆடவேண்டும் என்ற நிபந்தனை என்று வையுங்கள். 500-ஐ 40-ஆல் பெருக்கினால் 20,000 பந்தயம். 4 விழுக்காடு கழிவு 800. சராசரியாக 500 வாங்க 800 கொடுக்கிறீர்கள். பலருக்கு நிபந்தனை முடியும் முன்பே போனஸ் கரைந்துவிடும், பிறகு சொந்தப் பணம் இறங்கும். பிரிட்டனில் 2026 ஜனவரி 19 முதல் நிபந்தனை 10 மடங்குக்கு மேல் போகக் கூடாது. அதன்படி 5,000 பந்தயம், 200 கழிவு; காகிதத்தில் 300 மிச்சம். இந்தக் கணக்கு சரிதான், ஆனால் தளம் போனஸோடு கணக்கை முடிப்பதில்லை. அந்த 300 உங்களை உங்கள் பழைய வாரத்துக்குத் திருப்பினால் மறுபடி 50,000 ஓடும், 2,000 போகும். போனஸ் முடிந்ததும் எடுத்துக்கொண்டு வெளியேறுபவர்களையும் இதே பதிவு அடையாளம் காணும். அவர்களுக்குச் சலுகை நின்றுவிடும். ஆகவே வந்துகொண்டே இருக்கும் சலுகை, நீங்கள் தளத்துக்கு லாபம் தருகிறீர்கள் என்பதற்கான ரசீது.

உங்களைப் பற்றித் தளம் வைத்திருக்கும் தகவல் கோப்பைக் கேட்டு வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இது சட்ட உரிமை: கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். உரிமம் இல்லாத தளத்திடம் பதில் எதிர்பார்க்க வேண்டாம். 'என் தகவல் அனைத்தும்' என்று மொட்டையாகக் கேட்டால் பெயர், முகவரி, டெபாசிட் பட்டியல் என்று மூன்று பக்கத்தோடு முடித்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்:

"என் கணக்கு தொடர்பாக நீங்கள் வைத்திருக்கும் இவற்றை அனுப்பவும்: நுழைவு, ஆட்டம், டெபாசிட், பணமெடுப்பு ஆகியவற்றின் நேரப் பதிவு; எனக்கு அனுப்பிய ஒவ்வொரு செய்தியின் தேதியும் அதன் பிரச்சாரப் பெயரும்; என்னை வைத்திருக்கும் வாடிக்கையாளர் பிரிவுகள், மதிப்பெண்கள், கணிப்புகள்; ஊழியர்கள் என்னைப் பற்றி எழுதிய குறிப்புகளும் உரையாடல்களும்; என் தகவலைப் பெற்ற நிறுவனங்களின் பெயர்கள்."

பதில் அரைகுறையாக வந்தால், விடுபட்ட பகுதியைப் பெயர் சொல்லி மறுபடி கேளுங்கள். அடையாளம் காட்டச் சொன்னால், அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் சான்றே போதும் என்று சொல்லலாம்; புதிதாக எதையும் கொடுத்துக் கோப்பைத் தடிமனாக்க வேண்டாம். வந்த கோப்பில் `LTV`, `churn`, `reactivation` போன்ற தலைப்புகளைத் தேடுங்கள். முதலாவது, வாழ்நாளில் உங்களிடமிருந்து எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. இரண்டாவது, நழுவும் வாய்ப்பு. மூன்றாவது, திரும்ப இழுக்கும் முயற்சி. பிறகு செய்திப் பதிவையும் ஆட்டப் பதிவையும் தேதி வாரியாகப் பக்கத்தில் வையுங்கள். நள்ளிரவுத் தொடர் டெபாசிட்டுகள், ரத்து செய்த பணமெடுப்புகள் போன்ற ஆபத்து அறிகுறிகள் தெரியும் அதே நாட்களில் போனஸும் போயிருந்தால், ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் கொடுக்கும்போது அதுதான் உங்கள் ஆதாரம்.

நிறுத்துவதற்கு மின்னஞ்சலின் அடியில் உள்ள 'குழுவிலகு' இணைப்பு போதாது. அது மின்னஞ்சலை மட்டும் நிறுத்தும். குறுஞ்செய்தி, செயலி அறிவிப்பு, வாட்ஸ்அப், சமூக ஊடக விளம்பரம் எல்லாம் வெவ்வேறு குழாய்கள். "நேரடி விளம்பரத்துக்கும் அதற்காக என்னை வகைப்படுத்துவதற்கும் எதிர்ப்புத் தெரிவிக்கிறேன், எல்லா வழிகளிலும் நிறுத்தவும்" என்று தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். மேற்சொன்ன சட்டங்களில் இதை மறுக்க அவர்களுக்கு இடமே இல்லை. மேனேஜருக்கும் அதே வரியை எழுத்தில் அனுப்புங்கள். கூகுள் கணக்கில் My Ad Center பக்கத்தில் சூதாட்ட விளம்பரங்களைக் குறைக்கலாம், ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்கலாம். இவை குறைக்கும், முழுதாக நிறுத்தாது.

ஆட்டத்தை நிறுத்துவதே சிரமமாக இருக்கிறது என்றால் கோப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் 'சுய விலக்கு' எடுங்கள், அதாவது என்னை ஆட விடாதீர்கள் என்று தளத்திடம் நீங்களே கேட்டுக் கணக்கை மூடவையுங்கள். அதனால் கோப்பைக் கேட்கும் உரிமை போகாது. சில நாள் இடைவேளை என்பது வேறு: அது முடிந்ததும் கணக்கு பழையபடி திறந்துகொள்ளும், செய்திகளும் தொடங்கலாம். விலக்குக்குப் பிறகும் புதுப் பெயர்களில் அழைப்பு வந்தால், அது பெரும்பாலும் ஆள் பிடித்துத் தரும் இணைப்புத் தளங்களின் தனிப் பட்டியல். அவர்களுக்குத் தனியாக எழுதவேண்டும். பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற ஒரே பதிவு, உரிமம் பெற்ற எல்லா இணையச் சூதாட்டத் தளங்களையும் உங்களுக்கு மூடிவிடும்.

இதெல்லாம் முடியும்வரை மேனேஜரிடம் சம்பளத் தேதி, வீட்டுக் கஷ்டம், எந்த அணியின் ரசிகர் என்பதையெல்லாம் பேசவேண்டாம். நட்பாகக் கேட்டாலும் அதுவும் கோப்பில் ஒரு குறிப்பாக ஏறலாம், அடுத்த போனஸ் சம்பளம் வந்த மாலையே வரலாம்.