ஒரே படத்தை இரண்டு தடவை அனுப்பினால் ஒன்றா, இரண்டா? வாட்ஸ்அப் கேள்வி பதில்

கேள்வி: ஒரே ஆளுக்கு ஒரே போட்டோவைத் தெரியாமல் இரண்டு முறை அனுப்பிவிட்டேன். இரண்டு படமாகக் கணக்கா?

எண்ணுவது யார் என்பதைப் பொறுத்தது. உரையாடலைக் கேட்டால் இரண்டு. அந்த உரையாடலின் மீடியா பக்கத்தில் இரண்டு கட்டங்களாகத்தான் தெரியும். உங்கள் நண்பரின் போன் நினைவகத்தைக் கேட்டால், பல நேரம் ஒன்று. காலரியிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பும்போது பொதுவாக ஒவ்வொரு முறையும் படத்தைச் சுருக்கி, புதிய சாவியால் பூட்டி, சர்வருக்கு ஏற்றுகிறது செயலி. சாவி வேறு என்பதால் பூட்டிய கோப்பும் வேறு. உள்ளே இருப்பது ஒரே படம் என்று சர்வருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. ஆக, சர்வர் கணக்கிலும் இரண்டு.

கேள்வி: அப்படி இல்லையே? என் நண்பர் இரண்டாவது தடவை அனுப்பியது டவுன்லோடே ஆகாமல் உடனே வந்து நின்றது. சர்வரில் ஒரே காப்பிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் பார்த்தது சரி, காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். செய்தியோடு படத்தின் கைரேகை மாதிரி ஒன்றும் வருகிறது, ஹாஷ் என்பார்கள். பூட்டைத் திறந்தபின் இருக்கும் படத்தின் ஹாஷும் அதில் உண்டு. அதே ஹாஷ் உள்ள கோப்பு உங்கள் போனில் ஏற்கெனவே இருந்தால், மறுபடி இறக்க வேண்டியதில்லை. ஒரே கோப்பையே இரண்டு செய்திகளும் காட்டும். அந்த வேலை நடந்தது உங்கள் போனில்.

உங்கள் நண்பர் ஃபார்வர்ட் செய்திருந்தால் நீங்கள் சொல்வதும் பொருந்தும். ஃபார்வர்டில் ஏற்கெனவே ஏற்றிய கோப்பையே மறுபடி சுட்டிவிடுவது வழக்கம். பெரிய படம்கூடச் சட்டென்று போய்விடுவது அதனால்தான்.

கேள்வி: எனக்கு இதே பிரச்சினை. ஒரே காட்சியை மூன்று தடவை கிளிக் பண்ணினேன். மூன்றும் இடத்தை அடைக்கிறது. எது ஒன்றாகும்?

அது வேறு கேள்வி. மூன்று தடவை எடுத்தால் மூன்று படம். கண்ணுக்கு ஒன்று போலிருந்தாலும் ஒரே ஒரு புள்ளி மாறினால் ஹாஷ் முழுதாக மாறிவிடும். வேண்டாத இரண்டை நீங்களேதான் அழிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் ஒரே போட்டோவும் சில நேரம் வேறாகிவிடுமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகும், நானே செய்து பார்த்தேன். கேமராவில் எடுத்த 4000×3000 அளவுப் படம் ஒன்றைச் சாதாரண போட்டோவாக ஒரு முறை, ஆவணமாக ஒரு முறை அனுப்பினேன். போட்டோவாகப் போனது 1600×1200 ஆகச் சுருங்கி வந்தது. ஆவணமாகப் போனதில் ஒரு பைட்கூட மாறவில்லை. இப்போது நண்பரின் போனில் உண்மையாகவே இரண்டு கோப்புகள், அளவும் வேறு. எச்டி தரத்தில் ஒன்று, சாதாரணத் தரத்தில் ஒன்று என்று அனுப்பினாலும் இதே கதை.

இன்னொரு வழி, வந்த படத்தைக் காலரியில் சேமித்து அங்கிருந்து மறுபடி அனுப்புவது. அது இன்னொரு முறை சுருங்கினால் புதுக் கோப்பு. ஆனால் எல்லாப் போனிலும் ஒரே மாதிரி நடக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். சந்தேகமிருந்தால் இரண்டையும் கணினியில் போட்டுப் பாருங்கள். லினக்ஸில்:

```
sha256sum IMG-20240310-WA0004.jpg IMG-20240310-WA0007.jpg
```

இரண்டு வரியிலும் வரும் நீண்ட சரம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஒரே கோப்பு. கோப்புப் பெயரை நம்ப வேண்டாம். தேதியும் வரிசை எண்ணும் சேர்ந்து உருவாகும் பெயர் அது, உள்ளடக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கேள்வி: தவறாகப் போன படத்தை 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை போயிருந்தது. இரண்டும் போய்விட்டதுதானே?

இல்லை, உடனே போய்ப் பாருங்கள்! நீக்கம் செய்தியைக் குறிவைக்கிறது, படத்தை அல்ல. கோப்பு ஒன்றாகவே இருந்தாலும் மற்றொரு செய்தி அப்படியே நிற்கும், தட்டினால் படம் திறக்கும். அதையும் தனியாக நீக்குங்கள். அந்த வசதிக்குக் கால வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஒரே தடவையில் நிறையப் படம் தேர்வு செய்யும்போது ஒரே படத்தை இரண்டு தடவை தொட்டால்?

தேர்வு நீங்கிவிடும், அவ்வளவுதான். இரட்டிப்பாகாது.

கேள்வி: நீங்கள் என்ன சொன்னாலும், நான் இரண்டு அனுப்பினேன் என்றால் இரண்டு அனுப்பியதாகத்தான் அர்த்தம். டேட்டாவும் இரண்டு தடவை போனதே?

உங்கள் பக்கம் அது உண்மை. ஃபார்வர்ட் இல்லாமல் இரண்டு தடவை ஏற்றியிருந்தால், இரண்டு தடவை டேட்டா செலவாகியிருக்கும். வாங்கியவர் ஒரு தடவைக்கு மட்டும் செலவழித்திருக்கலாம். இருவரில் யார் கணக்கு சரி என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.