ரொக்கக் கணக்கும் ஒரு எச்சரிக்கைப் பத்தியும்

கேள்வி: சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறேன். கடன் கொடுத்தவர்கள் ரொக்க அடிப்படையில் ஆண்டுக் கணக்கு தயாரித்து, தணிக்கை அறிக்கையோடு தரச் சொல்கிறார்கள். தணிக்கையாளர் அனுப்பிய வரைவில் ‘இந்தக் கணக்கு வேறு நோக்கத்துக்குப் பொருந்தாமல் போகலாம்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. என் கணக்கில் குறை என்று கடன் தந்தவர்கள் நினைத்துவிட மாட்டார்களா? அதை எடுக்கச் சொல்லலாமா?

பதில்: எடுக்கச் சொல்லாதீர்கள். சொன்னாலும் அவரால் எடுக்க முடியாது. ஐ.எஸ்.ஏ. 800 என்ற சர்வதேசத் தணிக்கைத் தரத்தைப் பின்பற்றும் ஒருவர், சிறப்பு நோக்கத்துக்காகத் தயாரான கணக்கின் அறிக்கையில் அந்தப் பத்தியைக் கட்டாயம் எழுத வேண்டும். கணக்கு எதற்காக, யாருக்காகத் தயாரானது என்பதும் அறிக்கையில் வர வேண்டும். ‘இது கடன் தந்தவருக்கு மட்டுமே’ என்று வரம்பு போடுவது மட்டும் அவருடைய விருப்பம். தணிக்கையாளர் தன் முடிவைச் சொல்லும் கருத்துப் பத்தி திருத்தமில்லாமல், அதாவது ஆட்சேபம் எதுவும் இல்லாமல், இருந்தால் அது நல்ல அறிக்கைதான். உங்கள் கணக்கில் குறை கண்டிருந்தால் அது கருத்துப் பத்தியில், காரணத்தோடு, தெளிவாகத் தெரியும்.

அந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். ஆண்டில் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது 40 லட்சம், புதுக் கடன் 6 லட்சம். பொருள், கூலி முதலியவற்றுக்குச் செலுத்தியது 33 லட்சம், இயந்திரத்துக்கு 5 லட்சம், பழைய கடன் தவணை 4 லட்சம். வந்தது 46, போனது 42. கையிருப்பு 4 லட்சம் கூடியிருக்கிறது. ஆனால் அந்த நாலும் லாபம் இல்லை. கடனாக வந்த 6 லட்சத்தை எடுத்துவிட்டால் கையிருப்பு 2 லட்சம் குறைந்திருக்கும்.

சரி, கடனும் இயந்திரமும் தவணையும் கணக்கிலேயே தனி வரியாக இருப்பதால் படிப்பவர் பிரித்துப் பார்த்துக்கொள்வார். தொழிலில் மிஞ்சியது 40க்கும் 33க்கும் உள்ள வித்தியாசம், 7 லட்சம் என்பார். இங்கேதான் ரொக்கக் கணக்கு காட்டாத பகுதி வருகிறது. ஆண்டு முடிவில் சரக்கு கொடுத்தவர்களுக்கு 5 லட்சம் பாக்கி வைத்து, புத்தாண்டின் முதல் வாரத்தில் கொடுத்தால், அது இந்த ஆண்டுக் கணக்கில் எங்கும் தெரியாது. அடுத்த ஆண்டு வேலைக்காக வாங்கிய முன்பணம் 3 லட்சம் இந்த ஆண்டு வரவாகவே நிற்கும். போன ஆண்டு முடிவில் இப்படி எதுவும் இல்லை, மற்ற நிலுவைகளும் கிடையாது என்று வைத்துக்கொண்டால், அந்த 7 லட்சம் உண்மையில் 1 லட்சம் பற்றாக்குறை. கணக்கில் பொய் ஒன்றும் இல்லை. ரொக்கம் நகர்ந்ததைத்தான் அது சொல்ல வந்தது.

அதனால் என் யோசனை, எச்சரிக்கைப் பத்தியை விட்டுவிட்டு கணக்கின் குறிப்புகளில் கவனம் வையுங்கள். தணிக்கையாளர் தரும் கருத்து பெரும்பாலும் ‘குறிப்பு 1இல் சொன்ன ரொக்க அடிப்படையில், முக்கியமான எல்லா அம்சங்களிலும், தயாரிக்கப்பட்டுள்ளது’ என்றுதான் இருக்கும். ஆக, அந்தக் குறிப்பு மங்கலாக இருந்தால் கருத்தும் மங்கல்தான். எழுதிக் கொடுத்தும் வங்கியில் கழியாத காசோலை செலவா, இல்லையா? நீங்கள் சொந்தச் செலவுக்கு எடுத்த பணம் எந்த வரியில்? உங்களுடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய தொகை வரவிலும் செலவிலும் ஏறியிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கும் தவறு. கையிருப்பு சரியாகவே வரும், ஆனால் மொத்த வரவு வீங்கிவிடும். வரவைப் பார்த்துக் கடன் வரம்பு வைப்பவர் ஏமாந்துபோவார். பாக்கி, முன்பணம் இரண்டின் பட்டியலையும் கூடுதல் விவரமாகக் குறிப்பில் சேருங்கள். கடன் தந்தவர் கேட்கும் அடுத்த கேள்விக்கு அது பதில்.

அப்புறம், ரொக்க விற்பனை. வங்கியில் வந்த பணத்தை வங்கி தரும் கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்டுவிடலாம். கைக்கு வந்த பணம் முழுதும் பதிவானதா என்பதற்கு, வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் இல்லாவிட்டால், தணிக்கையாளருக்குப் பெரும்பாலும் சான்றே கிடைக்காது. அப்போது அவர் கருத்துப் பத்தியைத் திருத்த வேண்டி வரலாம். நீங்கள் பயப்பட வேண்டியது அந்தத் திருத்தத்துக்குத்தான்.

இறுதி அறிக்கை வருவதற்கு முன் குறிப்பு 1இன் வரைவைக் கடன் தந்தவருக்கு அனுப்பி, ‘ஒப்பந்தப்படி கேட்டது இதுதானா’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தில் லாப விகிதமோ நிலுவை விகிதமோ நிபந்தனையாக இருந்தால் ரொக்கக் கணக்கு அதற்கு உதவாது. பாக்கிகளையும் சேர்த்த முழுக் கணக்குதான் வேண்டும். இதே அறிக்கையை இன்னொரு கடனுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், வரம்பு வாசகம் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் தணிக்கையாளரிடம் கேளுங்கள்.